அவனையும் அவனேயும்: பழைய அச்சு நூல்களின் எழுத்துணரிப் பிழைகளைத் திருத்தும் நெறி

முன்னுரை

தேனி மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் பெயர் கடமலை–மயிலாடும்பாறை. இப்பெயரின் இரு பகுதிகளும் ஐகாரத்தில் முடிகின்றன. எனினும், எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சில் இவ்விரு ஐகாரங்களும் ஒரே வடிவில் அமைவதில்லை. ‘பாறை’யின் றகரத்திற்கு முன் இன்றுள்ள இரட்டைச் சுழியே நிற்கும். ‘மலை’யின் லகரத்திலோ எழுத்தோடு ஒட்டி மேலே வளையும் துதிக்கை வடிவம் நிற்கும். இவ்வகை அச்சிலுள்ள பக்கத்தை வருடி எழுத்துணரியில் இட்டால், ‘மயிலாடும்பாறை’ பிழையின்றி வருவதும் ‘கடமலை’ மட்டும் ‘கடமலே’ என வருவதும் பொதுவாகக் காணப்படுபவை. மேகமலை ‘மேகமலே’ ஆகும். சுருளிமலை ‘சுருளிமலே’ ஆகும்.

இத்தகைய பாடத்தில் ஊர்ப்பெயர் ஆய்வாளர் ஒருவர் ‘மலை’, ‘பாறை’ என்னும் ஈறுகளைத் தேடி எண்ணுவதாகக் கொள்வோம். பாறைகள் அனைத்தும் கிடைக்கும், மலைகள் மறைந்துவிடும். வருசநாட்டுப் பகுதியில் மலைப்பெயர்கள் அருகியே வழங்கின என்றொரு முடிவுக்கு அவர் வருவாராயின், அம்முடிவு நிலத்தைப் பற்றியதன்று, அச்செழுத்தைப் பற்றியது. எழுத்துணரிப் பிழைகளைத் தட்டச்சுப் பணியாளரின் கவலையாக மட்டும் கருதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அவற்றைத் திருத்துவது இலக்கண அறிவு வேண்டும் பதிப்புப் பணியாகும்.

பிழையின் பிறப்பிடம்

தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்பன அவை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் பெரும்பகுதியும் சங்க இலக்கிய முதற்பதிப்புகள் அனைத்தும் இதற்கு முன்னர் அச்சேறியவை. இன்றைய எழுத்துணரிகளோ பெரிதும் சீர்திருத்த வடிவங்களைக் கொண்டே பயிற்றப்பட்டுள்ளன. தாம் அறியாத வடிவைக் காணும்போது, அறிந்தவற்றுள் அதனோடு நெருங்கியதை அவை தருகின்றன. ஆதலின் இப்பிழைகள் மனம்போன போக்கில் நிகழ்வன அல்ல. ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை. துதிக்கை ஐகாரம் ஏகாரமாகிறது: தலைவன் ‘தலேவன்’ ஆகிறான். கால் இணைந்த பழைய றா ‘ரு’ ஆகிறது: என்றான் ‘என்ருன்’ ஆகிறது. ணா ‘ணு’ ஆகிறது: கண்ணாடி ‘கண்ணுடி’ ஆகிறது. னா ‘ளு’ எனவும் வருகிறது: ஆனால் ‘ஆளுல்’ ஆகிறது.

ஒருங்குறியில் பழைய வடிவுக்கெனத் தனிக்குறி இல்லை. லை எவ்வடிவில் அச்சிடப்பட்டிருப்பினும் அதன் குறியீட்டு வரிசை ஒன்றே. எனவே ‘தலேவன்’ என்பதைத் ‘தலைவன்’ எனத் திருத்துவது நூலின் எழுத்தை நவீனப்படுத்துவது ஆகாது; அச்சில் உள்ளதை மீட்பதே ஆகும்.

மூவகைப் பிழைகள்

இப்பிழைகளைத் திருத்தும் எளிமை கருதி மூன்றாகப் பகுக்கலாம்.

முதல்வகை, தமிழில் இயலாத எழுத்துச் சேர்க்கை. ‘என்ருன்’, ‘நின்ருள்’, ‘காற்ருடி’ என்பவற்றில் னகர மெய்யையும் றகர மெய்யையும் அடுத்து ரகரம் நிற்கிறது. மெய்ம்மயக்க விதிப்படி தமிழ்ச் சொல்லில் இவை வாரா. ஆகவே ‘ன்ரு’, ‘ற்ரு’ என்பவற்றை முறையே ‘ன்றா’, ‘ற்றா’ என நூல் முழுதும் ஒருங்கே மாற்றலாம். அயற்பெயர்களை மட்டும் ஒருமுறை கண்ணோட்டமிட்டால் போதும்.

இரண்டாம்வகை, சேர்க்கை இயல்வதாயினும் சொல் இல்லாதது. ‘தலேவன்’, ‘கண்ணுடி’, ‘ஆளுல்’ என்பன இவ்வகையின. அகராதி ஒப்பீட்டால் இவை வெளிப்படும். ஆயின் இவற்றைச் சொல் சொல்லாக மாற்ற வேண்டுமேயன்றி எழுத்து எழுத்தாக மாற்றலாகாது. ‘லே’ எல்லாவற்றையும் ‘லை’ ஆக்கினால் ‘மேலே’ என்பது ‘மேலை’ ஆகிவிடும். திருத்தமே புதிய பிழையை விதைக்கும்.

மூன்றாம்வகையே ஆய்வுக்குக் கேடு விளைப்பது. பிழைபட்ட வடிவும் இங்கு நல்ல தமிழ்ச் சொல்லாகவே அமையும். ‘அவனை’ என்பது ‘அவனே’ ஆகும்போது செயப்படுபொருள் எழுவாயாகிறது. இரண்டாம் வேற்றுமை உருபு தேற்றேகாரமாகிறது. ‘மன்னனை’ என்பது ‘மன்னனே’ ஆகும்போது படர்க்கை விளியாகிறது. எந்தச் சொற்பிழைத்திருத்தியும் இவற்றை ஐயுறாது. இத்தகைய பாடத்தைத் தரவாகக் கொண்டு ஏகார இடைச்சொல்லின் வருகையையோ வேற்றுமைத் தொகையையோ எண்ணுபவர், அச்சுக்கோப்பின் எச்சங்களை இலக்கணப் போக்காக எண்ணிவிட நேரும்.

ஒற்று தரும் சான்று

இவ்விடத்தில் புணர்ச்சி இலக்கணம் துணைபுரிகிறது. இரண்டாம் வேற்றுமை விரியில் வருமொழி முதல் வல்லினம் மிகும். இடைச்சொல் ஏகாரத்தின் பின்னும் விளியின் பின்னும் மிகாது. எழுத்துணரி ஐகாரத்தைச் சிதைத்தாலும், அதனை அடுத்த ஒற்றைப் பெரும்பாலும் சரியாகவே தருகிறது. ஆதலின் ‘அவனேக் கண்டேன்’ எனப் பாடத்தில் இருப்பின், அந்தக் ககர ஒற்றே மூலம் ‘அவனைக் கண்டேன்’ என்பதற்குச் சான்றாகும். ‘அவனே கண்டான்’ என ஒற்றின்றி இருப்பின் ஏகாரம் இயல்பானதாகலாம். ‘மலேப் பாதை’ என்பதிலும் பகர ஒற்று உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. எனவே ணே, லே, ளே, னே என்பவற்றின் பின் க், ச், த், ப் ஒற்று வரும் இடங்களை முதலில் திரட்டித் திருத்துவது ஏற்புடையது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வருமொழி மெல்லினத்திலோ இடையினத்திலோ தொடங்கினால் ஒற்று மிகாது, சான்றும் இராது. ‘அவனே மறந்தாள்’ என்னும் பாடம் ‘அவனை மறந்தாள்’ என்பதன் சிதைவாகலாம். உயிர் முதலாகிய சொல் வரினும் நிலை இதுவே. ஐகாரத்தின் பின் யகர உடம்படுமெய் வருவது போல ஏகாரத்தின் பின்னும் அது வரக்கூடும். ஒற்று விடுபட்ட அச்சு நூல்களும் உள்ளன. இவ்விடங்களில் பொருள் நோக்கி ஊகித்துத் திருத்தாமல் பக்கப் படிமத்தைக் காண்பதே நெறி. செய்யுளில் பொருள் நோக்கித் திருத்துவது பாடம் படைப்பதாகவே முடியும்.

உடைந்த எழுத்துகள்

கண்ணுக்குப் புலப்படாத பிழையும் ஒன்று உண்டு. அச்சில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்புகளாக நிற்கிறது. ஒருங்குறியில் அது ககரமும் ஒகரக் குறியும் (U+0BCA) ஆகும். எழுத்துணரி சில வேளைகளில் ககரத்தை அடுத்து எகரக் குறியையும் (U+0BC6) காலையும் (U+0BBE) தனித்தனியே இடுகிறது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பல தேடற் கருவிகளுக்கோ இரண்டும் வேறு. ஒருங்குறியின் NFC இயல்பாக்கம் இதனைத் தானே சேர்த்துவிடும். இதில் இழப்பு எதுவும் இல்லை.

ஔகாரம் அவ்வாறன்று. ‘கௌ’ என்பது ‘கெ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டு எழுத்தாக உடைந்து வருவதை இயல்பாக்கம் சேர்க்காது. குறியீட்டளவில் அந்த ளகரம் மெய்யான ளகரமே. எல்லா ‘கெள’வையும் ‘கௌ’ ஆக்கினால் கெளுத்தி மீன் சிதைந்துபோகும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களில் மட்டும் மாற்ற வேண்டும். அப்போது ‘கெளரவம்’, ‘மெளனம்’ திருந்தும். ‘கெளுத்தி’, ‘வெளி’, ‘வெள்ளம்’ தப்பும். ‘அவர்’ என்பதன் ரகர மெய்க்கு மாற்றாகக் காலும் புள்ளியும் சேர்ந்து வரும் பிழையோ முதல்வகையைச் சார்ந்தது. காலின் மேல் புள்ளி தமிழில் இல்லை. ஆதலின் அதனை ஒருங்கே மாற்றலாம்.

சேர்ந்த சொற்கள்

சொற்கள் சேர்ந்து வருவதை நாம் பெரும்பாலும் ஒரே பிழையாக எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு மூன்று காரணங்கள் உண்டு: அச்சிலிருந்த இடைவெளியை எழுத்துணரி காணத் தவறியிருக்கலாம், அச்சுக்கோப்பவர் இடைவெளி விடாதிருந்திருக்கலாம், பதிப்பாசிரியரே புணர்ச்சி நோக்கிச் சேர்த்து அச்சிட்டிருக்கலாம். இவற்றுள் முதலாவது மட்டுமே எழுத்துணரிப் பிழை. ஏனைய இரண்டும் நூலின் பாடம்.

சீர் பிரித்து அச்சிட்ட செய்யுளில் இடைவெளி சொல்லின் எல்லையைக் குறிப்பதே அன்று. வகையுளி வரும் இடத்தில் ஒரு சொல் இரு சீர்களாகப் பிளந்து நிற்கும். அதனை உடைந்த சொல்லெனக் கருதி ஒட்டுபவர் யாப்பை அழிக்கிறார். சீருக்குள் சேர்ந்து நிற்கும் சொற்களைப் பிரிப்பவரோ, பிரிப்பின்வழியே ஓர் உரையை எழுதிவிடுகிறார். ஒரே தொடரை இருவகையாகப் பிரித்துப் பொருள்கொண்ட உரையாசிரியர்கள் நம் மரபில் உண்டு. ஆகவே சொற்பிரிப்பு வேண்டுமாயின் அதனைத் தனிப் பாடமாக அமைத்து, பிரித்தவர் பெயரோடு வழங்க வேண்டும். மூலப்பாடத்தின் மேல் எழுதலாகாது. வரி இறுதியில் இணைப்புக்குறியின்றி உடையும் சொற்களை ஒட்டுவது மட்டும் உரைநடையில் தடையின்றிச் செய்யத்தக்கது.

முடிவுரை

திருத்துவோர் முன்னுள்ள வினா ‘இது சரியான தமிழா?’ என்பதன்று, ‘இது பக்கத்தில் உள்ளதா?’ என்பதே. மூலநூலின் அச்சுப்பிழையும் அவ்வாறே நிற்க வேண்டும். அதனைக் குறிப்பில் சுட்டலாம்.

தமிழ் விக்கிமூலத்தில் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் படிமத்தோடு இணைத்து இடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பக்கமும் மெய்ப்புப் பார்க்கப்பட்டதா என்பது அங்கு வெளிப்படையாகத் தெரிகிறது. அவ்வெளிப்படைத்தன்மை ஆய்வேடுகளிலும் வேண்டும். மின்பாடத்தைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர், எப்பதிப்பு, எவ்வகை எழுத்து, எந்த அளவுக்கு மெய்ப்புப் பார்க்கப்பட்டது என்பவற்றை அறிவிக்க வேண்டும். தரவிலிருந்து இருபது பக்கங்களைக் குறிப்பின்றித் தேர்ந்து படிமத்தோடு ஒப்பிட்டு, எஞ்சிய பிழைகளை மேற்கூறிய மூவகையாக எண்ணித் தர வேண்டும். மூன்றாம்வகைப் பிழை எஞ்சியிருக்கும் பாடத்திலிருந்து ஐகாரத்தையோ ஏகாரத்தையோ பற்றிய எண்ணிக்கை எதனையும் இத்தகைய ஆய்விதழ்கள் ஏற்றல் கூடாது. இருபது பக்க ஒப்பீடு ஒரு நாள் வேலை. அதனைச் செய்யாமல் அவனையும் அவனேயையும் ஒன்றாக எண்ணிய அட்டவணையைத் திரும்பப் பெறுவது எளிதன்று.