ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ லாட்ஜில் அறை எடுத்தவர்களுக்கு இது பழகிப்போன சடங்கு. ஆதாரைக் கேட்பார்கள். ஜெராக்ஸ் இல்லையென்றால் ரிசப்ஷனில் இருப்பவர் தன் சொந்தக் கைபேசியிலேயே அதைப் படம் எடுத்து, முதலாளியின் வாட்ஸ்அப்புக்குத் தட்டிவிடுவார். பெயர், ஊர், கைபேசி எண், உடன் வந்தவர் யார், என்ன உறவு என்று ரெஜிஸ்டரில் எழுதச் சொல்வார்கள். தலைக்கு மேலே கேமரா இருக்கும். அதன் பக்கத்தில், இந்த இடம் கண்காணிப்பில் உள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வாங்கிய தகவல் எதற்கு, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "போலீஸ் ரூல் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பதிலை ஏற்க முடியாது. தங்குகிறவர் யார் என்று லாட்ஜ் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சரியே. ஆனால் தகவலை வாங்கச் சொல்லும் எந்த விதியும், அதை வேலையாளின் சொந்தக் கைபேசியில் சேர்த்துவைக்கச் சொல்லவில்லை. அந்த வேலையாள் அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விட்டால், கோயிலுக்கு வந்த குடும்பங்களின் ஆதார் படங்களும் அவரோடு போகும். காவல்துறையின் பெயரைச் சொல்லி இந்த அலட்சியத்தை மறைக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை விடுதி உரிமையாளர்கள் இப்போதாவது படிக்க வேண்டும். 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தகவல் வாங்கும்போது தர வேண்டிய அறிவிப்பு தொடர்பான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. 2027 மே மாதத்தில் அது முடிகிறது. அதன்பின் சம்மதம் கேட்டுத் தகவல் வாங்கும் எவரும், என்ன வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்று வகைவகையாக எழுதிய அறிவிப்பைத் தனியாகத் தர வேண்டும். கட்டண விதிகளோடும் அறை நிபந்தனைகளோடும் சேர்த்துப் பொடி எழுத்தில் புதைக்கக் கூடாது. அறிவிப்பைத் தமிழில் கேட்டால் தமிழில் கிடைக்க வேண்டும். எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இந்த உரிமை உண்டு. அறிவிப்புக் கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் தகவலை வாங்கியவர் மீதே விழும்.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. காகித ரெஜிஸ்டர் இந்தச் சட்டத்துக்குள் வராது; கணினியில் ஏறிய தகவலுக்கே சட்டம் பொருந்தும். ‘எங்களிடம் நோட்டுதானே இருக்கிறது’ என்று தப்பிக்கச் சிலர் முயலலாம். ஆனால் ஆதாரைக் கைபேசியில் படம் எடுத்த நொடியிலேயே அது மின்னணுத் தகவலாகிவிடுகிறது. கேமராவில் பதிவாகும், இன்னார் என்று அடையாளம் காணக்கூடிய முகமும் அப்படித்தான்.

கேமரா விஷயத்தில் இன்னொரு கேலிக்கூத்து நடக்கிறது. பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் ‘ஒரு மாசம்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால், ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி பிடிக்கும். எட்டு கேமராவுக்கு 170 ஜிபிக்கு மேல். பதிவுப் பெட்டியில் 2 டிபி டிஸ்க் இருந்தால், பதினோரு நாளைத் தாண்டியதும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஆள் நடமாடும்போது மட்டும் பதியும்படி வைத்திருந்தால் சில நாள் கூடும். எப்படியானாலும் உண்மை தெரிய வேண்டுமென்றால், பெட்டியைத் திறந்து மிகப் பழைய பதிவின் தேதியைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாதவர் ஒரு மாதம் என்று சொல்வதை நாம் பொய் என்றே எடுத்துக்கொள்வோம். நாற்பது கிலோ நெல் மூட்டையைத் தராசு முள்ளைப் பார்க்காமல் கொள்முதல் நிலையத்தில் விட்டுவரும் விவசாயி டெல்டாவில் கிடையாது. அவரேதான் லாட்ஜில் ஆதாரை நீட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் மாடியேறுகிறார். கேட்கத் தேவையான விவரத்தை அவருக்குப் புரியும்படி யாரும் எழுதிவைக்கவில்லை என்பதே காரணம்.

எழுதுவது கடினம் என்ற சாக்கும் வேண்டாம். ‘தரவு முதன்மையரின் ஒப்புதலின் அடிப்படையில் தரவு நம்பகரால் செயலாக்கப்படும்’ என்ற பாணியில் எழுதினால் வக்கீலுக்கே புரியாது. ரிசப்ஷனில், நின்றபடி படிக்கும் உயரத்தில், பெரிய எழுத்தில் இப்படி இருக்கட்டும்:

"உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை வாங்குகிறோம். அறை தரவும், காவல்துறை கேட்டால் காட்டவும் இவை வேண்டும். விளம்பரம் அனுப்புவதானால் உங்களைத் தனியே கேட்போம். வேண்டாம் என்றாலும் அறை உண்டு. வாசல், ரிசப்ஷன், மாடிப்படி, நடைவழி, வண்டி நிறுத்துமிடம் ஆகிய இடங்களில் எட்டு கேமராக்கள் உள்ளன. அறையிலும் குளியலறையிலும் இல்லை. பேச்சு பதிவாகாது. பதிவு சுமார் பதினோரு நாள் இருக்கும். மேனேஜரும் உரிமையாளரும் மட்டுமே பார்ப்பார்கள். தகவலைத் திருத்தவோ நீக்கவோ, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவோ கீழே உள்ள எண்ணில் மேனேஜரிடம் சொல்லுங்கள். அவர் தீர்க்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடலாம்."

கேமராக்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் பதிவு தங்கும் நாளையும் அறிவிப்பில் எழுதச் சொல்லிச் சட்டம் வற்புறுத்தவில்லை. நாம் வற்புறுத்துகிறோம். 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையருகே, பெண்கள் உடை மாற்றும் தனியார் அறையில் ரகசியக் கேமரா இருந்ததைக் கண்டுபிடித்தவர் அங்கே உடை மாற்றப் போன ஒரு பெண். அதன்பிறகே கைதுகள் நடந்தன. கேமரா இருக்கும் இடங்களின் பட்டியல் சுவரில் இருந்தால், பட்டியலில் இல்லாத கேமரா எதுவானாலும் கண்ணில் பட்ட அன்றே புகாருக்கு உரியது. ஒழுங்காக நடத்தும் லாட்ஜுக்கும் அதுவே பாதுகாப்பு.

அரசும் கைகழுவிவிட முடியாது. 2022 மே மாதம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், விடுதிகளுக்கு அதை வாங்கி வைக்க அனுமதி இல்லை என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதை ஏற்க மறுக்கும் ரிசப்ஷன்களைத் திருத்த இங்கே யாரும் மெனக்கெடவில்லை.

அடுத்த மகாமகம் 2028 மாசியில். அப்போது கும்பகோணத்தில் மட்டுமல்ல, தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் அறை கிடைக்காது. லட்சக்கணக்கானவர்களின் அடையாள அட்டைகள் சில நாட்களுக்குள் சில நூறு கைபேசிகளில் ஏறும். சட்டத்தின் அவகாசம் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே உரிமையாளர்களிடம் நாம் கேட்பது இது: வேலையாட்களின் கைபேசியில் உள்ள ஆதார் படங்களை இந்த வாரமே அழிக்கச் செய்யுங்கள். இனி நகல் எடுப்பதானால் லாட்ஜின் கணினியில், கடவுச்சொல்லோடு மட்டும். மறைக்கப்பட்ட ஆதாரை மறுக்காதீர்கள். தமிழ் அறிவிப்பை 2027 மே வரை இழுக்காமல் இப்போதே மாட்டுங்கள். சுற்றுலாத் துறை ஒரு பக்க மாதிரி அறிவிப்பைத் தயாரித்து, தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் எல்லா விடுதிகளுக்கும் அனுப்பட்டும். உரிமம் புதுப்பிக்க வரும்போது அந்தத் தாள் சுவரில் இருக்கிறதா, அதில் எழுதிய நாள் கணக்கு பதிவுப் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று மாவட்ட நிர்வாகம் நேரில் பார்க்கட்டும்.