"எங்கள் சேவைத்திறன்" என்கிறார்கள், யாருக்கு?

மராட்டியத்தில் ஒரு மாநகராட்சி தன் ஊழியர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுக்க டெண்டர் விட்டிருக்கிறது. அங்கே நம் ஊர்ப்பக்கமிருந்து போய்த் துப்புரவு வேலை செய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. போட்டியிட்ட காப்பீட்டு நிறுவனம் ஒன்று தொழில்நுட்ப உறையோடு வைத்த முகப்புக் கடிதத்தின் நகலைச் சங்கத் தோழர் ஒருவர் அனுப்பினார். இரண்டு பக்கம். அதில் "சேவைத்திறன்" என்ற சொல் வராத பத்தியே இல்லை.

அவர்கள் எதைத் திறன் என்கிறார்கள்? 24 மணி நேர உதவி எண். பணமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் அனுமதி. டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில். நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகள்.

அந்த ஒரு மணி நேரமும் மூன்று மணி நேரமும் இவர்கள் தரும் சலுகையே அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் எல்லா நிறுவனங்களுக்கும் விதித்த கெடு அது. மூன்று மணி நேரம் தாண்டி, அதனால் மருத்துவமனை கூடுதலாகப் பணம் கேட்டால், அதை நிறுவனமே தன் பங்குதாரர் நிதியிலிருந்து கட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்தக் கடைசி வரி மட்டும் கடிதத்தில் காணோம். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்துவேன் என்று டிரைவர் வேலைக்கு மனுப் போடுவது மாதிரிதான் இது.

அடுத்தது மருத்துவமனை எண்ணிக்கை. நாடு முழுக்க எத்தனை இருந்தால் நமக்கென்ன? விடிகாலை ஐந்து மணிக்குக் குப்பை வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட அக்காவுக்கு, தன் வார்டிலிருந்து போய்ச் சேரும் தூரத்தில் எலும்பு மருத்துவர் இருக்கிற, இந்தக் கார்டை வாங்கிக்கொள்கிற மருத்துவமனை எது என்பதுதான் கேள்வி. பட்டியலை அஞ்சல் குறியீடு வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். கண் மருத்துவமனையையும் பிரசவ மருத்துவமனையையும் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். எத்தனை தேறும் என்று அப்போது தெரியும்.

அந்த அக்காவைச் சேர்த்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். டெண்டரில் குடும்பத்துக்குக் காப்பீடு 2 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 2,000 ரூபாய். மருத்துவமனையில் காலியாக இருந்தது 4,000 ரூபாய் அறை. மூன்று நாள் வாடகை 12,000, அறுவைச் சிகிச்சையும் மருத்துவர் கட்டணமும் 40,000, மருந்தும் பரிசோதனையும் 18,000. ஆக பில் 70,000. வாடகையில் 6,000 மட்டும் கிடைக்கும் என்று நாம் நினைப்போம். அறை வரம்பு இரண்டு மடங்கு மீறியதால் அறுவைச் சிகிச்சை, மருத்துவர் கட்டணமும் பாதியாகி 20,000 தான் வரும். மருந்து, பரிசோதனையில் இப்படிக் கழிக்கக் கூடாது என்பதால் 18,000 முழுசாக வரும். மொத்தம் 44,000. மீதி 26,000 கைக்காசு. உதவி எண்ணில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இரண்டாயிரத்துக்குள் அறை இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேட்டுச் சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்தால் மாறும். அப்படி ஓர் ஆளை நிறுத்துவதாகக் கடிதம் எங்கும் சொல்லவில்லை.

இனி, எனக்குத் தாங்க முடியாத இடம். "மாநகராட்சி ஊழியர் அனைவருக்கும்" என்று கடிதம் எழுதுகிறது. டெண்டரின் இணைப்பில் இருப்பது நிரந்தர ஊழியர் பட்டியல் மட்டும். தெருவில் குப்பை அள்ளுகிறவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்கள் அதில் இல்லை. அவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று அதிகாரிகள் கை காட்டுவார்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இ.எஸ்.ஐ. உண்டுதான். ஒப்பந்தக்காரர் ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்தால்! அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவருக்குக் கார்டு, சாக்கடையில் கை வைக்கிறவருக்கு ஒப்பந்தக்காரரின் தயவு. யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்க்க மாநகராட்சிக்குத் துணிவு உண்டா?

இந்தப் பழியை நிறுவனத்தின் மேல் மட்டும் போட முடியாது. பட்டியலும் அறை வரம்பும் மாநகராட்சி போட்டவை. ஆனால் சேவைத்திறன் என்ற வாக்குறுதி நிறுவனம் தன் கையால் எழுதியது. அது முகப்புக் கடிதத்திலேயே நின்றுவிட்டால், நாளைக்கு யாரும் அதைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. பாலிசியில் எழுதியது என்ன என்றுதான் கேட்பார்கள்.

விலை உறை இன்னும் திறக்கப்படவில்லை. ஆணையரிடம் சங்கம் கொடுக்க வேண்டிய மனு இதுதான்: அந்தக் கடிதத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள், ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே மீறினால் எவ்வளவு அபராதம் என்று எழுதுங்கள், வார்டு வாரியாக மருத்துவமனைப் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்குங்கள், ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்களைச் சேர்த்துத் திருத்தத்தை இப்போதே வெளியிடுங்கள், அதற்காக டெண்டரை மறுபடி விட நேர்ந்தாலும் சரி.