விலகுபவரோடு போய்விடும் ‘விடு’

ஆய்வுத் திட்டத்திலிருந்து ஒருவர் விலகும்போது கடைசி வாரத்தில் அவரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான்: ஒப்படைப்புக் குறிப்பு. எந்தக் கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளது, கடவுச்சொல் என்ன, எந்த வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று நான்கு பக்கம் எழுதித் தருவார். வழித்துணைவர் கையொப்பமிடுவார். இரண்டு மாதம் கழித்துப் புதியவர் ஒருவர் அந்தக் குறிப்போடும் திட்டத்தின் கையேட்டோடும் உட்காருவார். அவருடைய வேலை பழையவரின் வேலையைப் போலவே தோன்றும். உண்மையில் அது வேறாக இருக்கும். அந்த வேறுபாட்டை எவரும் கவனிப்பதில்லை என்பதே இங்குள்ள சிக்கல்.

இதற்கு ஆயத்தமாக ஒரு விளக்கம் உண்டு: ‘அது உள்ளுறை அறிவு, எழுத வராது.’ மைக்கேல் போலான்யி 1966இல் வெளியிட்ட நூலில் வளர்த்த கருத்து இன்று துறைக் கூட்டங்களில் ஒரு சாக்காகச் சுருங்கிவிட்டது. மறுமுனையில் மேலாண்மைத் துறையினர் நிற்கின்றனர். நோனகாவும் தக்கெயுச்சியும் 1995இல் முன்வைத்த மாதிரியைப் பின்பற்றி, உள்ளுறை அறிவை வெளிப்படை அறிவாக மாற்றிவிடலாம், அதற்கு உரிய படிவம் இருந்தால் போதும் என்று அவர்கள் நம்புகின்றனர். இரு தரப்பும் ‘உள்ளுறை அறிவு’ ஒரே வகையான பொருள் என்று எடுத்துக்கொள்கின்றன. ஹாரி காலின்ஸ் 2010இல் எழுதிய நூல் அதை மூன்றாகப் பிரிக்கிறது: சொல்ல முடிந்தும் சொல்லப்படாமல் கிடப்பது, உடலில் பழகிப் படிந்தது, ஒரு சமூகத்தின் பழக்கத்தில் மட்டும் வாழ்வது. திட்டக் குழுவிலிருந்து ஒருவர் போகும்போது இழக்கப்படுவதில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை எழுத முடியும். ஆனால் எழுத வேண்டியது எது என்று அவருக்கே தெரியாது, கேட்க வேண்டியது எது என்று மற்றவருக்கும் தெரியாது.

காலின்ஸ் இதை முதலில் கண்டது லேசர் ஆய்வகங்களில். ‘டீ’ லேசர் எனப்படும் ஒருவகைக் கரியமிலவாயு லேசரைக் கட்ட முயன்ற பிரித்தானிய ஆய்வகங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1974இல் வெளிவந்தது. அச்சிட்ட கட்டுரைகளை மட்டும் நம்பிய எந்த ஆய்வகமும் வெற்றி பெறவில்லை. ஏற்கெனவே இயங்கும் லேசரை வைத்திருந்த ஒருவரோடு நேரடித் தொடர்பு உடையவர்களே வெற்றி பெற்றனர். மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குச் செல்லும் கம்பி குட்டையாக இருக்க வேண்டும் என்பது அங்கு மறைந்து கிடந்த செய்திகளில் ஒன்று. அதை யாரும் ஒளிக்கவில்லை. கம்பி குட்டையாக அமைந்திருந்தவருக்கு அது குறிப்பிடத்தக்க செய்தி என்றே தோன்றவில்லை.

மொழியியல் துறையில் இந்தக் ‘குட்டைக் கம்பி’ எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாளிதழ்ச் செய்திகளைக் கொண்ட தமிழ்த் தரவகம் ஒன்றில் ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறி இடும் திட்டம் என்று கொள்வோம். ‘விடு’ என்னும் வினை வரும்போது அது முதன்மை வினையா, துணைவினையா என்று முடிவு செய்ய வேண்டும். கையேட்டில் ஒரு பத்தி இருக்கும்: வினையெச்சத்தைத் தொடர்ந்து வந்து நிறைவுப் பொருள் தந்தால் அது துணைவினை, எடுத்துக்காட்டு ‘வந்துவிட்டான்’. தெளிவான விதிதான். ‘பந்தைக் கீழே விட்டான்’ என்பது முதன்மை வினை, அதிலும் ஐயமில்லை.

அடுத்து ஒரு செய்தி வாக்கியம் வருகிறது: ‘அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டனர்.’ வினையெச்சத்தைத் தொடர்ந்துதான் ‘விடு’ வருகிறது. கையேட்டின்படி துணைவினை என்று குறியிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் இங்கு ‘விடு’ நிறைவைக் குறிக்கவில்லை. தண்ணீரை வெளியே விடும் செயலையே குறிக்கிறது. ‘பிள்ளையைக் கொண்டுபோய்விட்டான்’ என்பதோ இரு பக்கமும் சாயும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் முடித்தான் என்றால் துணைவினை. பள்ளி வாசலில் சேர்த்துவிட்டுத் திரும்பினான் என்றால் முதன்மை வினை. பிரித்து எழுதுவதையும் சேர்த்து எழுதுவதையும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. அச்சில் இடைவெளி அவரவர் விருப்பம்.

இரண்டாண்டு அனுபவமுள்ள குறியீட்டாளர் இங்கே தயங்குவதில்லை. அவருக்கு ஒரு சோதனை கைவசம் இருக்கிறது: இன்னொரு ‘விடு’வைச் சேர்த்துப் பார்ப்பது. ‘தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டனர்’ என்று சொல்ல முடிகிறது. ‘பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டான்’ என்றும் சொல்ல முடிகிறது. ‘வந்துவிட்டுவிட்டான்’ என்று எவரும் சொல்வதில்லை. நிறைவுப் பொருளுள்ள ‘விடு’ ஒருமுறை வந்துவிட்டால் இரண்டாவதற்கு இடமில்லை. ஐயம் தீராதபோது இரண்டாம் சோதனை: ‘கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டான்’ என்பதுபோல நடுவே ஓர் இடப்பெயரைச் செருகிப் பார்ப்பது. செருக முடிந்தால் முதன்மை வினை. ‘கதவைத் திறந்துவிட்டான்’ என்பதில் இரண்டு சோதனைகளும் தள்ளாடும். ‘இன்னொருவர் வருவதற்காகத் திறந்தான்’ என்ற பொருளும் அதற்கு உண்டு. அந்த இடத்தில் அவர் முன்வாக்கியத்தைப் படித்துவிட்டு முடிவெடுப்பார்.

இவற்றில் எதுவும் சொல்லுக்கு அப்பாற்பட்டதன்று. மேலே மூன்று பத்திகளில் சொல்லியாயிற்று. ஆயினும் கையேட்டில் இது இல்லை, ஒப்படைப்புக் குறிப்பிலும் இருக்காது. அவர் அதைச் சோதனை என்று நினைத்ததில்லை. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது என்றே நினைத்திருப்பார். விலகும் நாளில் ‘உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்’ என்றால், கோப்புகள் இருக்கும் இடத்தைத்தான் எழுதுவார். ஒரு மணிநேரக் காணொளி நேர்காணலாலும் பெரிதாக எதுவும் மாறாது. வாக்கியம் கண்முன் இல்லாதபோது சோதனையும் நினைவுக்கு வராது.

புதியவர் வந்த பின் என்ன நடந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? வழக்கமாகப் பார்க்கப்படுவது உடன்பாட்டு விழுக்காடு. அது ஏமாற்றும். கணக்கு விளங்குவதற்காக எண்களை இப்படி வைத்துக்கொள்வோம். ‘விடு’ வரும் 200 வாக்கியங்களில் பழையவரும் புதியவரும் தனித்தனியே குறியிடுகின்றனர். 150 இடங்களில் இருவரும் துணைவினை என்கின்றனர். 20 இடங்களில் இருவரும் முதன்மை வினை என்கின்றனர். பழையவர் முதன்மை வினை என்று சொன்ன 28 இடங்களைப் புதியவர் துணைவினை என்கிறார். இதற்கு நேர்மாறாக அமைந்தவை 2 மட்டுமே. உடன்பாடு 170/200, அதாவது 85 விழுக்காடு. அறிக்கையில் எழுத அழகான எண். தற்செயல் உடன்பாட்டைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் காப்பா இப்படி அமையும்:

```
κ = (Po − Pe) / (1 − Pe)
Po = 0.85
Pe = 0.76 × 0.89 + 0.24 × 0.11 = 0.7028
κ ≈ 0.50
```

85 என்று தோன்றியது 0.50க்கு இறங்கிவிட்டது. துணைவினையே மிகுதியாக வரும் தரவில் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டாலும் பாதிக்கு மேல் ஒத்துப்போகும் என்பதே காரணம். ஆனால் காப்பாவைவிடவும் கவனிக்க வேண்டியது 28க்கும் 2க்கும் உள்ள சாய்வு. கவனக்குறைவால் நேரும் பிழை இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகச் சிதறும். ஒரே பக்கம் சாய்ந்தால் ஒரு விதி கைமாறவில்லை என்று பொருள். அந்த 28 வாக்கியங்களை அச்சிட்டு இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தால், பத்தாவது வாக்கியத்துக்குள் பழையவர் ‘இன்னொரு விட்டு சேர்த்துப் பாருங்கள்’ என்று சொல்லிவிடுவார். எந்தப் படிவத்தாலும் கறக்க முடியாத வாக்கியம் அது. கருத்து வேறுபாடு கண்முன் இருந்ததால் தானே வந்தது.

இந்திய ஆய்வுத் திட்டங்களின் நடைமுறை இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் ஒன்று. அதில் இருப்பவர் விலகிய பிறகே விளம்பரம், நேர்காணல், நியமன ஆணை. ஆகவே பழையவரும் புதியவரும் ஒரே அறையில் உட்காரும் நாள் ஒன்றுகூட இருப்பதில்லை. முனைவர் பட்ட இடமோ வேறு வேலையோ கிடைத்துப் போகிறவரை எவரும் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தமே திட்டம் முடியும்வரைதான். தரவகம் வெளியாகும்போது தம் பெயர் நன்றியுரையின் அடியில் வருமா என்றுகூட அவருக்குத் தெரியாது. அவரிடம் விலகிய பின்னும் ஓய்வு நேரத்தில் வந்து சொல்லித் தரும்படி கேட்பது மரியாதையன்று. நிதி வழங்கும் அமைப்புகள் பணியாளர் மாற்றத்துக்கென ஒரு மாத இரட்டை ஊதியத்தை வரவுசெலவுத் திட்டத்தில் அனுமதிக்க வேண்டும். ஓராண்டுக் குறியிடலை மறுபடி செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

அந்த மாற்றம் வரும்வரை துறைகள் செய்யக்கூடியது ஐயப் பதிவேடு. விலகும்போது எழுதுவதன்று, தயங்கும்போதே எழுதுவது. வாக்கிய எண், போட்டியிட்ட இரு குறிகள், தேர்ந்தது எது, எந்தச் சோதனையால், அன்று நடப்பிலிருந்த கையேட்டின் பதிப்பு எது. ஐந்து செய்திகள், இரண்டு நிமிடம். தயங்காமல் இட்ட குறிகளைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஆனால் இங்கும் ஒரு பொறி உண்டு: அனுபவம் ஏற ஏறத் தயக்கம் குறையும், பதிவும் குறையும். ஆகவே முதல் ஆறு மாதப் பதிவுகளே மிக மதிப்புள்ளவை. பெரும்பாலான குழுக்கள் ‘வேலை நிலைபெறட்டும்’ என்று அந்த ஆறு மாதத்தைத்தான் கைவிடுகின்றன. புதியவருக்கு முதல் வாரம் கையேட்டைப் படிக்கத் தருவதைவிட, இப்பதிவேட்டிலிருந்து 100 வாக்கியங்களை விடை மறைத்துத் தருவது பயன் தரும்.

எழுத்தில் அடங்காத மிச்சமும் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. விரைந்த பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் காது பதிவேட்டால் வராது. ஒரே ஒலிப்பதிவை இருவர் சேர்ந்து கேட்டுத் திருத்திப் பழக வேண்டும். ‘வந்துவிட்டுவிட்டான்’ ஏற்கத்தக்கதன்று என்ற தீர்ப்பும் பேசுவோர் சமூகத்திடமிருந்து வருவது. அம்மொழியைப் பேசி வளராதவருக்குச் சோதனையை எழுதிக் கொடுத்தாலும் விடையை எழுதிக் கொடுக்க முடியாது. இவ்விரண்டுக்கும் ஆட்கள் வேண்டும், படிவங்கள் உதவா.

ஒரே ஒரு குறியீட்டாளரை வைத்து நடக்கும் சிறு திட்டங்களுக்கு ஒப்பிட இரண்டாம் நபர் இல்லை. அங்கு அவரே ஆறு மாதத்துக்கு முன் குறியிட்ட 100 வாக்கியங்களைப் பழைய குறிகளைப் பார்க்காமல் மறுபடி குறியிடலாம். ஒரே பக்கம் சாயும் வேறுபாடுகள் தென்பட்டால், இடையில் அவர் தம்மையறியாமல் ஒரு விதியை உருவாக்கியிருக்கிறார். பதிவேட்டின் முதல் வரிகளை அவ்வேறுபாடுகளிலிருந்தே எழுதத் தொடங்கலாம். அவர் அப்போது இன்னும் அறையில்தான் இருப்பார்.