சீட்டு வாங்கிக் கட்டினால் யாருக்குத் தெரியாது?

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நம் நாட்டில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. பிரான்சில் அப்படி இல்லை. உரிமம் பெற்ற தளங்களில் விளையாட்டுப் போட்டி, குதிரைப் பந்தயம், போக்கர் மூன்றுக்கும் பணம் கட்டலாம். நம் புதுச்சேரிக் குடும்பங்களில் பலருக்குப் பிள்ளைகள் அங்கே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அங்கே 'தபா' கடையில், அதாவது சிகரெட் விற்கும் கடையில், பேசேஃப்கார்டு என்று ஒரு சீட்டு கிடைக்கும். ரொக்கம் கொடுத்தால் 16 இலக்க எண் அச்சிட்ட தாளைத் தருவார்கள். அதை ஏற்கும் தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பணம் ஏறிவிடும். வங்கிக்கு இது தெரியாது. "ரகசியமாக இருக்கிறது, மாமா" என்றான் என் அக்கா மகன்.

யாருக்கு ரகசியம்? ஆட்டக் கம்பெனி அவன் அடையாளச் சீட்டைப் பார்த்துத்தான் கணக்குத் திறந்தது. அவன் வைக்கும் ஒவ்வொரு பந்தயத்தையும் அது பதிவு செய்கிறது. அந்தப் பதிவைப் பார்க்க அரசின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஜெயித்த பணமும் அவன் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே போகும். அது பிரெஞ்சுச் சட்டம்.

இதில் வரும் வேடிக்கையைப் பாருங்கள். ஒரு மாதத்தில் 25 யூரோ சீட்டு நான்கு வாங்கினான் என்று வைப்போம். கட்டியது 100. திரும்ப எடுத்தது 60. வங்கி ரெலெவேயில் ஆட்டக் கம்பெனி பெயரில் 60 யூரோ வரவு மட்டும் நிற்கும். போன 100 யூரோ, ஏ.டி.எம்.மில் எடுத்த ரொக்கத்தோடு காய்கறிச் செலவுபோல் கரைந்துவிடும். பார்க்கிறவருக்கு 60 லாபம். உண்மையில் 40 நஷ்டம். ஆபீசில் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது உடனே கண்ணில் படும்: வரவு இருக்கிறது, அதற்கு எதிரே பற்று இல்லை.

பேபால் போன்ற மின்பணப்பை வேறு மாதிரி. வங்கித் தாளில் பெரும்பாலும் பணப்பையின் பெயர் வரும்; சில சமயம் பக்கத்திலேயே ஆட்டக் கம்பெனி பெயரும் வந்துவிடும். ஆனால் பணப்பைக்குள் தேதியோடு, யாருக்கு எவ்வளவு என்று வரிவரியாகப் பதிவு இருக்கும். மறைவு குறைவு, கணக்கு சுத்தம்.

சீட்டு மறைப்பது வங்கியிடமிருந்தும், ரெலெவேயைப் பிரித்துப் பார்க்கும் மனைவியிடமிருந்தும்தான். மூன்றாவதாக, ஆடுகிறவனிடமிருந்தே. என்னைக் கேட்டால், ஆடியே தீருவேன் என்பவன் பணப்பையிலோ வங்கி அட்டையிலோ கட்டட்டும். சீட்டுதான் வேண்டும் என்றால் தாள்களைக் கிழிக்காமல் தேதி எழுதி வைக்கட்டும்.

வீட்டில் சந்தேகம் வந்தால் வங்கித் தாளைப் புரட்டிப் பயனில்லை. தளத்தில் அவன் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கட்டியது ஒரு பக்கம், எடுத்தது ஒரு பக்கம் என்று சீட்டில் போட்ட பணமும் அங்கே இருக்கும்.