'வந்தோம், ஆள் இல்லை': அப்படியா, எங்கே வந்தீங்க?

போன செவ்வாய்க்கிழமை இரவு 7.52. லேப்டாப்போட சமையலறை மேசையில் இருக்கேன், வாசல் அங்கிருந்து பத்தடி. போனில் வருது: `Delivery attempted – no answer`. பெல் அடிக்கவே இல்லை. டோர்பெல் கேமராவில் அந்த ஒரு மணி நேரத்தில் பதிவானது ஒரு பூனை மட்டும்தான்.

டிரைவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இங்கே பிரிட்டனில் நிறையப் பேருக்குப் பார்சல் கணக்கில்தான் சம்பளம். நாள் முடியும்போது வேனில் மிச்சம் இருப்பதற்கு ஸ்கேனரில் ஏதாவது ஒரு காரணத்தை அமுக்கியாகணும். ஆனால் அந்தப் பொய்ப் பதிவு நம்ம தலையில் விழுது. இப்படி இரண்டு மூன்று முறை ஆனால் பார்சல் கடைக்கே திரும்பிப் போயிடும், தப்பு நம்முடையதாகிடும். அதனால் 'மறுபடி அனுப்புங்க' என்று கேட்டால் மட்டும் போதாது, பதிவையே கேள்வி கேட்கணும் என்பது என் கட்சி.

முதலில் டிராக்கிங் பக்கத்தை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், ஏன்னா அடுத்த ஸ்கேனில் அந்த வரி மாறிடலாம். கேமரா கிளிப்பையும் சேமித்தேன். பிறகு எழுதியது கூரியருக்கு இல்லை, கடைக்கு. கூரியருக்குக் காசு கொடுக்கிறது கடைதான். Consumer Rights Act 2015, 29-ஆம் பிரிவின்படி பொருள் நம்ம கைக்கு வரும் வரை அது கடையின் பொறுப்பு. (தனி ஆளிடம் வாங்கியிருந்தாலோ, கூரியரை நாமே ஏற்பாடு செய்திருந்தாலோ இது உதவாது.)

மெயிலில் கேட்டது மூன்றுதான்: 7.52 ஸ்கேன் நடந்த ஜிபிஎஸ் இடம், அப்போது எடுத்த போட்டோ, மறுபடி வரும் தேதி, புகார் எண்ணோடு. 'கூரியரிடம் கேளுங்க' என்று பதில் வந்தது. 29-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, அதே மெயிலுக்குக் கீழேயே திரும்பவும் எழுதினேன். போனில் பேசியிருந்தால் இந்தத் தொடர்ச்சி என் கையில் இருந்திருக்காது. மறுநாள் மதியம் பதில்: ஸ்கேன் நடந்தது மெயின் ரோட்டில், என் வீட்டிலிருந்து அரை மைலுக்கு மேல். பழைய பதிவை 'கூரியர் தவறு' என்று மாற்றிட்டாங்க. வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது.

கடை இடத்தைச் சொல்ல மறுத்தால், உங்கள் பெயர், முகவரியோடு சேர்ந்த டெலிவரிப் பதிவுகளைத் தரும்படி கூரியர் கம்பெனியிடமே 'சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்' போடலாம். இலவசம்தான், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரணும். பார்சலுக்காக அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, ஆனால் இதே கூத்து அடிக்கடி நடக்கிறவங்களுக்கு அது உதவும்.

அடுக்குமாடியில் இருக்கிறவங்களுக்கு ஒரு சிக்கல். டிரைவர் கீழே கேட்டில் நின்று அமுக்கினால் ஜிபிஎஸ் உங்கள் கட்டடத்தைத்தான் காட்டும். அங்கே இன்டர்காம் அழைப்புப் பதிவு கிடைக்குமா என்று பில்டிங் மேனேஜரிடம் அன்றைக்கே கேளுங்க.