பிழையோடு படியெடுங்கள்

2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஆவடியில் உள்ள நரிக்குறவர் குடியிருப்புக்குச் சென்றது பலருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு டிசம்பரில், அம்மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1965-லேயே லோகூர் குழு பரிந்துரைத்தும் 57 ஆண்டுகள் கிடப்பில் கிடந்த கோரிக்கை அது.

அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும் பெயர்களைக் கவனியுங்கள்: Narikoravan, Kurivikkaran. நாம் சொல்வதும் எழுதுவதும் 'குருவிக்காரர்'. சட்டத்திலோ u வரவேண்டிய இடத்தில் i இருக்கிறது. எழுத்துப்பிழை என்றுதான் கை பரபரக்கும். ஆனால் அதைத் திருத்தும் அதிகாரம் வட்டாட்சியருக்கு இல்லை, நீதிமன்றத்துக்கும் இல்லை. பட்டியலை உள்ளது உள்ளபடியே படிக்க வேண்டும், மாற்ற நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும் என்று 2000-இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியலில் Paraiyan, Parayan என்று இரண்டு எழுத்துவடிவங்களும் அருகருகே இருக்கின்றன. சட்டத்தின் கண்ணுக்கு ஓர் எழுத்து மாறினாலே அது வேறு பெயர்.

இந்த நிலையில்தான் நம் தோழர்கள் நல்ல எண்ணத்தோடு ஒரு தவறைச் செய்கிறார்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளில் பழைய மனுக்களையும் சான்றுகளையும் தட்டச்சு செய்து சேமிக்கும்போது, பிழைகளைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறார்கள்.

ஒருவரின் தாத்தாவுடைய பள்ளிச் சான்றில் 'குறிவிகாரன்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தட்டச்சு செய்பவர் அதைக் 'குருவிக்காரர்' ஆக்கிவிடுகிறார். பார்க்க மூன்றே சின்ன மாற்றங்கள். ஆனால் 'றி' போய்விட்டதால், சட்டத்திலுள்ள i ஒலிக்கு நெருக்கமான பழைய சாட்சியம் அந்தப் படியில் இல்லை. 'க்' நுழைந்துவிட்டதால் படியும் மூலமும் பொருந்தவில்லை. 1994-இன் மாதுரி பாட்டீல் தீர்ப்புக்குப் பிறகு, சாதிச் சான்றுகளை ஆராயும் கூர்நோக்குக் குழுக்கள் பழைய பள்ளிப் பதிவேடுகளைத் தேடிப் பார்க்கின்றன. மூலத்தோடு ஒத்துப்போகாத படி, பேரனின் நேர்மைமீதே சந்தேகத்தைக் கிளப்பும்.

மூன்றாவது மாற்றம் 'ன்' என்பதை 'ர்' ஆக்கியது. மரியாதைக்காகச் செய்ததுதான். ஆனால் பள்ளிக்கூடம் ஒரு சிறுவனின் சமூகத்தை 'ன்' போட்டு எழுதியது வரலாறு. அதை அழித்தால், அவமதித்த பதிவேடு மரியாதையான பதிவேடாகிவிடும். நம் கட்டுரையில் 'ர்' போடுவோம், படியெடுக்கும்போது 'ன்' அப்படியே இருக்கட்டும்.

கல்வெட்டு அறிஞர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். கல்தச்சன் விட்ட பிழையைப் பாடத்தில் அப்படியே வைத்து, சரியான வடிவத்தை அடிக்குறிப்பில் தருகிறார்கள். மன்னனின் கல்வெட்டுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் சேரியிலிருந்து போன மனுவுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

செய்முறை எளிது. கைப்பேசியின் தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிடுங்கள். பிழை வரும் இடத்தில் அப்படியே அடித்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் [மூலத்தில் உள்ளபடி] என்று குறியுங்கள். அந்தக் குறி இல்லாவிட்டால், பிழை எழுதியவருடையதா உங்களுடையதா என்று அடுத்தவருக்குத் தெரியாது. படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் புள்ளி வையுங்கள். அடித்துவிட்ட சொல்லையும் 'அடிக்கப்பட்டது' என்ற குறிப்போடு சேருங்கள். பிறகு ஒருவர் மூலத்தை எழுத்து எழுத்தாகச் சொல்ல, இன்னொருவர் படியைச் சரிபார்க்க வேண்டும். சொல் சொல்லாகப் படித்தால் கண் தானாகவே பிழையைத் திருத்திக்கொண்டு போய்விடும்.

பிழைகளை வெளியே காட்டினால் எழுதியவரைக் கேலி செய்வார்களே என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம்தான். அதனால் இரண்டு கோப்புகள் வையுங்கள்: ஒன்று எழுத்து மாறாத படி, இன்னொன்று எளிதாகப் படிக்கத் திருத்திய வடிவம். இரண்டாவதன் தலைப்பிலேயே 'திருத்தப்பட்டது' என்று எழுதிவிடுங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் எதை வெளியிடலாம் என்று அவரிடமே கேளுங்கள். இன்று புதிதாக எழுதும் மனுவுக்கு இந்த விதி பொருந்தாது. அதைப் பிழையில்லாமல் எழுத உதவுவது நம் கடமை.

பழைய தாள் அப்படியில்லை. அதில் இருப்பது அதை எழுதியவர்களின் சாட்சியம். சாட்சி சொன்னதை மாற்றி எழுதும் உரிமை காவல் நிலைய எழுத்தருக்கு இல்லை என்று போராடும் நாம், அதே வேலையை அன்பின் பெயரால் செய்யலாமா?