மணமகனுக்கு எது மணம்?

நண்பனின் திருமணத்திற்கு நறுமணப் பொருள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சென்ற சித்திரையில் என்னிடம் வந்தது. பெங்களூரில் திருமணம், அதிகாலை முகூர்த்தம், சடங்குகள் நான்கு மணி நேரம். அவன் வாங்கி வைத்திருந்ததோ மல்லிகை மணம் கொண்ட விலையுயர்ந்த தெளிப்பான். அது வேண்டாம் என்றேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

மணமேடையில் மணமகனின் உடல் வெற்றிடமன்று. மார்பிலும் கைகளிலும் சந்தனம். கழுத்தில் சம்பங்கியும் ரோஜாவும் தொடுத்த மாலை. எதிரே நெய்யும் சமித்தும் எரியும் புகை. சம்பங்கி, மல்லிகை ஆகியவற்றின் மணத்தில் இண்டோல் என்னும் சேர்மம் சிறிதளவு உண்டு. அளவோடு இருக்கையில் அது மலரின் செழுமை. மிகுந்தால் மூச்சடைக்கும் கனம். வெயிலில் மாலை வாடத் தொடங்கும் வேளையில், அதன் மேல் மற்றொரு வெண்மலர் மணத்தைத் தெளிப்பது அந்தக் கனத்தையே இரட்டிப்பாக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை மென்மையானவைதாம். ஆயினும் தாலி கட்டும் முன்பே ஆவியாகிவிடும். சந்தன மணத்தையே மீண்டும் பூசுவதும் வீண். அது ஏற்கெனவே உடலில் இருக்கிறது.

நான் பரிந்துரைத்தது வெட்டிவேர். அதன் தூய எண்ணெயைக் கன்னோஜில் ‘ரூ கஸ்’ என்கிறார்கள். ஈர மண்ணையும் வேரையும் நினைவூட்டும் இந்த மணம் சந்தனத்தைப் போலவே மெதுவாக ஆவியாகும், மலர்களோடு போட்டியிடாது. கன்னோஜ் அத்தர்கள் மரபாகச் சந்தன எண்ணெயை அடித்தளமாகக் கொண்டே வடிக்கப்பட்டன. இங்கே அந்த அடித்தளத்தை அரைத்த சந்தனமே தந்துவிடுகிறது.

எங்கே இடுவது என்பது அடுத்த சிக்கல். எண்ணெய் பட்ட தோலில் சந்தனம் ஒட்டாது. பட்டு வேட்டியில் கறை விழும். வட இந்திய அத்தர் மரபில் இதற்கு எளிய வழியுண்டு: சிறு பஞ்சுத் துளியில் எண்ணெயைத் தொட்டுக் காது மடலின் மடிப்பில் செருகிக்கொள்வது. ஒரு துளிக்கு மேல் வேண்டாம். முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, அரிப்பு வருகிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்னோட்டமும் தேவை. நண்பன் சந்தனம் பூசி, ஒரு முழம் பூவைக் கழுத்திலிட்டு, இரண்டு மணி நேரம் அமர்ந்தான். அவனுடைய மூக்கு அரை மணி நேரத்திலேயே பழகிவிட்டதால், ‘ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு துளி விடலாமா?’ என்றான். வெளியிலிருந்து வந்த அவன் தங்கையோ, ‘நன்றாகவே தெரிகிறது, அண்ணா, போதும்’ என்றாள். பூசியவரின் மூக்கை அளவுகோலாகக் கொள்வதுதான் இதில் நேரும் பெரும்பிழை.

மொழியியல் மாணவர்கள் ‘நாற்றம்’ என்னும் சொல்லின் கதையை அறிவார்கள். நறுமணத்தையும் குறித்த அச்சொல் இன்று துர்வாடையை மட்டுமே குறிக்கிறது. அச்சொல்லுக்கு அதற்கு நெடுங்காலம் ஆயிற்று. மணமேடையில் ஒரு மணி நேரம் போதும். அதைத் தாங்க வேண்டியவர் அருகில் நகர இயலாமல் அமர்ந்திருக்கும் மணமகள். ஆகவே தேர்வில் அவருக்கும் பங்கு வேண்டும். பஞ்சுத் துளியின் சிறப்பும் அதுவே: அவர் மெல்லச் சொன்னால், உடனே எடுத்துவிடலாம்.